இரண்டு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப்: தனி ஆவர்த்தனத்தில் அடி ஏன் இரட்டையாகக் கேட்கிறது?

வீட்டுக் கச்சேரியையோ சின்ன அரங்குக் கச்சேரியையோ பதிவு செய்யப் போகிறவர்களுக்கு முதலில் இடிப்பது மைக் கணக்குதான். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்குமாக இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று, அரங்கின் ஒலியைப் பிடிக்க ஒரு ஜோடி. ஆக மொத்தம் எட்டு. கையில் இருப்பதோ நான்கு மைக் செருகக்கூடிய யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸ். எட்டு மைக் பெட்டி வாங்க மனம் வராது. நண்பரிடம் இன்னொரு நான்கு மைக் பெட்டி இருக்கிறது. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் செருகினால் எட்டு ஆகிவிடாதா?

ஆகும். ஆனால் இரண்டு பெட்டிகளின் ஓட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் நடந்த கச்சேரியின் பதிவை வைத்துப் பார்க்கலாம். பதிவு செய்தவர் எனக்குத் தெரிந்த இளைஞர். அவருடையது விண்டோஸ் லேப்டாப். பதிவு மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் ஏற்றுக்கொண்டது. அதனால் அவர் இரண்டு மென்பொருள்களைத் திறந்து, ஆளுக்கொரு பெட்டியைக் கொடுத்துவிட்டார். முதல் பெட்டியில் பாட்டு, வயலின், அரங்க மைக் ஜோடி. இரண்டாவது பெட்டியில் மிருதங்கத்தின் இரண்டு மைக், கடம், தம்புரா. கச்சேரி தொடங்கும் முன் ஒரு கைதட்டலைப் பதிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைதட்டலை வைத்து இரண்டு தொகுதிகளையும் ஒட்டவைத்தார்.

வர்ணம் நன்றாகவே ஒட்டியது. ஆனால் போகப் போக மிருதங்கத்தின் நாதம் பொள்ளலாக மாறியது. அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொரு அடியும் லேசாக இரட்டித்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் தனி ஆவர்த்தனம் வந்தபோது மிருதங்க மைக்கில் கேட்கும் அடியும், அரங்க மைக்கில் கேட்கும் அதே அடியும் இரண்டு வேறு அடிகளாகிவிட்டன. காலப்பிரமாணத்தில் ஓர் அட்சரம் முக்கால் செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டு சொற்கள் விழுந்தால் ஒரு சொல்லுக்கு 94 மில்லி செகண்ட் கிடைக்கும். அவருடைய பதிவில் இருந்த விலகல் 144 மில்லி செகண்ட். ஒன்றரைச் சொல் தள்ளிப் போன மிருதங்கத்தை யாரால் கேட்க முடியும்?

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அரங்க மைக்கில் அடி முதலில் வந்தது, மிருதங்கத்தை ஒட்டி வைத்த மைக்கில் பின்னால் வந்தது. இயற்கையில் இது நடக்கவே முடியாது. ஒலி முதலில் பக்கத்து மைக்கைத்தான் சேரும். தூரத்து மைக் முந்திக்கொண்டால் கோளாறு அறையில் இல்லை, நேரக் கணக்கில் இருக்கிறது என்று உடனே முடிவுகட்டிவிடலாம்.

லேப்டாப் மெதுவாக இருந்ததால் இது வரவில்லை. யூ.எஸ்.பி. கேபிளின் குற்றமும் இல்லை. ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்குள்ளும் ஒரு கிரிஸ்டல் துடித்துக்கொண்டிருக்கிறது. செகண்டுக்கு 48,000 முறை ஒலியை அளந்து எண்ணாக்கு என்று நேரம் சொல்வது அதுதான். இந்தத் துடிப்பைத்தான் க்ளாக் என்கிறார்கள். அப்படி எடுக்கும் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். ஆனால் எந்தக் கிரிஸ்டலின் துடிப்பும் மிகச் சரியாக 48,000 என்ற கணக்கைத் தராது. சாதாரணக் கிரிஸ்டல்களுக்குப் பத்து லட்சத்துக்கு 20 முதல் 50 வரை பிசகு இருக்கலாம் என்று தயாரிக்கும்போதே அனுமதி உண்டு. வெப்பம் மாறினால் துடிப்பும் கொஞ்சம் மாறும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இரண்டு அறைகளில் இரண்டு வித்வான்களை உட்காரவைத்து, ஒரே காலப்பிரமாணத்தில் தாளம் போடச் சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும். இருவரும் தேர்ந்தவர்கள்தான். ஆனாலும் இரண்டு மணி நேரம் கழித்து இருவரின் சமமும் ஒரே நொடியில் விழாது.

கணக்கு எளிது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் பத்து லட்சத்துக்கு 20 வித்தியாசம் என்று கொள்வோம். செகண்டுக்குச் சுமார் ஒரு சாம்பிள் விலகும். ஒரு நிமிடத்தில் 1.2 மில்லி செகண்ட். அந்த நேரத்தில் ஒலி சுமார் 40 சென்டிமீட்டர் போயிருக்கும். அதாவது, நிமிடத்துக்கு 40 சென்டிமீட்டர் வீதம் யாரோ அந்த மைக்கைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போவதைப் போன்ற விளைவு. நாதம் பொள்ளலானதற்குக் காரணம் இதுவே. ஒரே ஒலியின் இரண்டு பிரதிகள் 1 மில்லி செகண்ட் விலகிக் கலந்தால் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி அடிபட்டுப் போகும். விலகல் கூடக் கூட அடிபடும் பகுதியும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 25 நிமிடத்தில் 30 மில்லி செகண்ட் ஆகிவிடுகிறது. அதற்குமேல் காது அதை இரண்டு அடியாகவே பிரித்துக் கேட்கும்.

இங்கே இரண்டு வேறு சங்கதிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, மாறாத இடைவெளி. இரண்டு பெட்டிகளும் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க எடுக்கும் நேரம் வேறு வேறு. அதனால் ஒரு தொகுதி இன்னொன்றைவிட நூறு சாம்பிள் தள்ளியே இருக்கலாம். ஆனால் முதல் நிமிடத்தில் இருந்த அதே நூறுதான் கடைசி நிமிடத்திலும் இருக்கும். அதை ஒருமுறை நகர்த்தினால் தீர்ந்தது. மற்றொன்று, வளரும் விலகல். இதை எவ்வளவு நகர்த்தினாலும் ஓர் இடத்தில் சரியாகி இன்னோர் இடத்தில் கெடும். எது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். இரண்டு பெட்டியின் மைக்குகளுக்கும் நடுவில் நின்று தட்ட வேண்டும். பதிவை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு இடத்திலும் உள்ள இடைவெளியைச் சாம்பிளில் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 100, முடிவிலும் 100 என்றால் கவலை இல்லை. தொடக்கத்தில் 100, முடிவில் 7,012 என்றால் நடுவில் 6,912 சாம்பிள் விலகியிருக்கிறது.

அந்த இளைஞரின் பதிவில் முடிவுக் கைதட்டல் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரக் குறியை ஒட்டி, தனியில் ஓர் அழுத்தமான அடி இருந்தது. அது அரங்க மைக்கிலும் தெளிவாக விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டோம். கணக்குக்கு வசதியாக முழு எண்களில் சொல்கிறேன். இரண்டு மணி நேரம் என்பது 34,56,00,000 சாம்பிள். அதில் 6,912 விலகல் என்றால் விகிதம் 0.00002. மிருதங்கத் தொகுதி பின்னால் வருகிறது, அதாவது இரண்டாவது பெட்டி கொஞ்சம் வேகமாகத் துடித்து, அதே நேரத்துக்கு அதிகச் சாம்பிள்களை எடுத்துத் தள்ளியிருக்கிறது. எனவே அந்தத் தொகுதியை அந்த விகிதத்துக்குச் சுருக்க வேண்டும். சாக்ஸ் என்ற இலவசக் கருவியில் இது ஒரே வரி வேலை:

```
sox mridangam.wav mridangam_fix.wav speed 1.00002 rate -v 48k
```

இரண்டாவது பெட்டியின் எல்லாக் கோப்புகளுக்கும் இதையே செய்ய வேண்டும். சுருதி மாறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பெயர் சென்ட். இந்த விகிதத்தில் வரும் சுருதி வித்தியாசம் ஒரு சென்ட்டில் முப்பதில் ஒரு பங்குதான். எந்தக் காதுக்கும் எட்டாது. ஆனால் இந்த வைத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு மணி நேரமும் விலகல் ஒரே சீராக வளர்ந்தது என்று வைத்துக்கொண்டு செய்யும் வேலை இது. நடுவில் ஏ.சி. போட்டார்கள், பெட்டிகள் குளிர்ந்தன என்றால் விலகும் வேகமும் மாறியிருக்கும். தொடக்கமும் முடிவும் பொருந்தும், நடுவில் சில மில்லி செகண்ட் விட்டுப்போகும். அப்போது பாட்டுக்குப் பாட்டு வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாக ஒட்டவைப்பதே மேல்.

இனி, முதலிலேயே விலகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி கணினிக்குள்ளேயே இருக்கிறது. Audio MIDI Setup என்ற செயலியைத் திறந்து, இடப்பக்கம் கீழே உள்ள + குறியை அழுத்தி Create Aggregate Device என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பெட்டிகளையும் சேர்த்து ஒரே சாதனமாகக் காட்டலாம். பதிவு மென்பொருளுக்கு எட்டு மைக் உள்ள ஒரே பெட்டி இருப்பதாகத் தோன்றும். எந்தப் பெட்டிக்கு முதலில் டிக் போடுகிறீர்களோ அதன் மைக்குகள் 1 முதல் வரும், அடுத்தது அதற்குப் பிறகு. இரண்டுக்கும் 48,000 என்ற ஒரே வேகத்தை வைத்துவிட்டு, Clock Source என்ற இடத்தில் ஒன்றைத் தலைமைப் பெட்டியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதற்கு Drift Correction என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.

இந்த டிக்தான் உயிர்நாடி. இதைப் போடாமல் விட்டால், மயிலாப்பூர்ப் பதிவில் நடந்தது போல விலகல் இரண்டு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகாது. வேறு விதமாகக் கெடும். மென்பொருள் தலைமைப் பெட்டியின் துடிப்புக்கு ஏற்ப இரண்டிலிருந்தும் சாம்பிள்களை எடுக்கிறது. இரண்டாவது பெட்டி செகண்டுக்கு ஒரு சாம்பிள் அதிகமாகக் கொடுத்தால் அது பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் தேங்கும். குறைவாகக் கொடுத்தால் பஃபர் மெல்ல வற்றும். 256 சாம்பிள் இடம் இருந்தால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அது நிரம்பியோ காலியாகியோ, ஒரு துண்டு விட்டுப்போகும். காதுக்கு அது ‘டிக்’ என்றோ சின்னக் கரகரப்பாகவோ கேட்கும். இப்படி ஏறத்தாழ சீரான இடைவெளியில், ஒரு பெட்டியின் டிராக்குகளில் மட்டும் சத்தம் வந்தால் க்ளாக்கைச் சந்தேகியுங்கள். லேப்டாப் திணறுவதால் வரும் கரகரப்புக்கு இப்படி ஓர் ஒழுங்கு இருக்காது. பெரும்பாலும் எல்லா டிராக்கிலும் சேர்ந்தே வரும். பஃபரைப் பெரிதாக்கினால் லேப்டாப் திணறல் தீரும். க்ளாக் கோளாறு தீராது, அடுத்த சத்தம் வரச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

டிக் போட்டால் மேக் என்ன செய்கிறது? இரண்டாவது பெட்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை விடாமல் அளந்து, அதன் ஒலியைத் தலைமைப் பெட்டியின் வேகத்துக்கு அப்போதைக்கப்போது மாற்றிக் கணக்கிடுகிறது. மேலே கோப்பில் கையால் செய்த சுருக்கல் வேலையையே பதிவு நடக்கும்போது தானாகச் செய்கிறது என்று சொல்லலாம். ஏ.சி. போட்டாலும் அணைத்தாலும் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும். பெரும்பாலான கச்சேரிப் பதிவுக்கு இது போதும் என்பது என் கருத்து. ஒரே ஒரு நிபந்தனை: ஒரே வாத்தியத்தைப் பிடிக்கும் மைக்குகளை இரண்டு பெட்டிக்கும் பிரிக்காதீர்கள். இந்த மாற்றம் சராசரியாகச் சரியாக இருக்கும், ஆனால் சாம்பிள் அளவில் அங்கே இங்கே ஊசலாடலாம். வலந்தலை ஒரு பெட்டியிலும் தொப்பி இன்னொரு பெட்டியிலும் இருந்தால் அந்த ஊசலாட்டம் நாதத்தில் தெரியும். அரங்க மைக் ஜோடியைப் பிரித்தால் ஒலி இடமும் வலமுமாக மிதக்கும்.

விண்டோஸில் நிலைமை இவ்வளவு சுலபம் இல்லை. அங்கே பதிவு மென்பொருள்கள் நம்பியிருக்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. முறையில் ஒரு மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு டிரைவரைத்தான் பிடிக்கும். ஏ.எஸ்.ஐ.ஓ.4ஆல் என்ற இலவச டிரைவர் பல பெட்டிகளை ஒன்றாகக் காட்டும். ஆனால் எல்லாப் பெட்டிகளும் ஒரே க்ளாக்கில் ஓட வேண்டும் என்று அதன் கையேடே சொல்லிவிடுகிறது. ஆர்.எம்.இ. போன்ற சில நிறுவனங்களின் டிரைவர் தங்கள் பெட்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும். அங்கும் பெட்டிகளைத் தங்களுக்குள் க்ளாக்கில் இணைக்க வேண்டியது நம் பொறுப்பு. ஆக விண்டோஸ்காரர்களுக்குக் கேபிள்தான் வழி. மேக்காரர்களுக்கும் முடிந்தால் அதுவே நல்லது.

பெட்டிகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். எஸ்.பி.டி.ஐ.எஃப். என்ற டிஜிட்டல் துளையோ, ஏடாட் என்ற ஆப்டிகல் துளையோ, வேர்ட் க்ளாக் என்ற பி.என்.சி. துளையோ இருக்கலாம். மூன்றுமே க்ளாக்கைக் கடத்தும். முதல் இரண்டில் ஒலியோடு சேர்ந்து துடிப்பும் போகிறது. ஒலி எதையும் அனுப்பாவிட்டாலும் துடிப்பு போகும். முதல் பெட்டியின் எஸ்.பி.டி.ஐ.எஃப். அவுட்டிலிருந்து இரண்டாவதின் இன்னுக்கு ஒரு கேபிள். முதல் பெட்டியின் க்ளாக் அமைப்பு Internal என்றே இருக்கட்டும். இரண்டாவதன் அமைப்பை Internal-இலிருந்து S/PDIF-க்கு மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே 48,000-இல் இருக்க வேண்டும். இரண்டாவதன் திரையில் Locked என்றோ, முகப்பில் நிலையான விளக்காகவோ தெரிந்தால் இரண்டாவது பெட்டி தன் கிரிஸ்டலை விட்டுவிட்டு முதல் பெட்டியின் துடிப்பைப் பின்பற்றுகிறது என்று பொருள். மேக்கில் இப்படி இணைத்த பிறகு Drift Correction டிக்கை எடுத்துவிடுங்கள். திருத்த எதுவும் இல்லாத இடத்தில் அது தேவையில்லாத கணக்கு.

கேபிளுக்கு அலைய வேண்டாம். டிவியையும் சவுண்ட்பாரையும் இணைக்க ரிச்சி தெருவில் விற்கும் ஆப்டிகல் கேபிளேதான் ஏடாட்டுக்கும். எஸ்.பி.டி.ஐ.எஃப். துளை ஆர்.சி.ஏ. வகை என்றால் 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ வயர் அந்த வகைதான். வெள்ளை, சிவப்பு ஆடியோ வயரை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். இரண்டும் இருந்தால் நான் ஆப்டிகலைத்தான் எடுப்பேன். வீட்டுக் கச்சேரிகளில் பெட்டிகளுக்கு வேறு வேறு பிளக்கிலிருந்து கரண்ட் எடுப்பது சகஜம். உலோக வயரால் இரண்டையும் இணைத்தால் எர்த் சுழற்சியில் ‘ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வர வாய்ப்பு உண்டு. ஒளியில் அது வராது.

ஏடாட் இருந்தால் இன்னும் நேர்த்தியான ஒரு வழி திறக்கிறது. 48,000 வேகத்தில் ஒரே ஆப்டிகல் கேபிளில் எட்டு டிராக் போகும். இரண்டாவது பெட்டியை யூ.எஸ்.பி.யில் செருகவே வேண்டாம். அதை வெறும் மைக் பெட்டியாக வைத்து, ஒலியை ஏடாட் வழியே முதல் பெட்டிக்கு அனுப்பிவிடலாம். கணினிக்குத் தெரிவது ஒரே பெட்டி, ஒரே டிரைவர். சேர்க்க வேண்டிய தொல்லையே இல்லை. பெஹ்ரிங்கர் ஏ.டி.ஏ.8200 போன்ற எட்டு மைக் பெட்டிகள் இந்த வேலைக்காகவே வருபவை. வேகத்தை 96,000-க்கு ஏற்றினால் எட்டு டிராக் நான்காகக் குறையும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இதில் அதிகம் பேர் தவறுவது தலைமையை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான். கணினியோடு இணைந்த பெட்டிதானே பெரியது என்று அதை Internal-இல் விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரே ஒரு கேபிள் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு வரும்போது, துடிப்பும் அந்தத் திசையில்தான் வருகிறது. அப்போது இரண்டாவதுதான் தலைமை. முதல் பெட்டியின் க்ளாக்கை ADAT என்று மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் ஒலி வரும், மீட்டர் ஆடும், எல்லாம் சரிபோலத் தோன்றும். அமைதியான தம்புரா ஒலியைக் கேட்டால்தான் நடுநடுவே ‘டிக்’ தெரியும். மைக் சோதனையின்போது தம்புராவை மட்டும் போட்டு ஹெட்ஃபோனில் இரண்டு நிமிடம் கேட்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். முதல் பெட்டியே தலைமையாக இருக்க வேண்டுமென்றால் அதன் ஏடாட் அவுட்டிலிருந்து இரண்டாவதின் ஏடாட் இன்னுக்கு இன்னொரு கேபிளைப் போட்டு, இரண்டாவதை ADAT-க்கு மாற்றலாம். இரண்டு கேபிளையும் போட்டுவிட்டு இரண்டு பெட்டியையும் ADAT-இல் வைத்தால் ஒன்றை ஒன்று பின்பற்றி, நிலையான துடிப்பே யாரிடமும் இல்லாமல் போகும்.

க்ளாக் இணைப்பு வேகத்தைத்தான் ஒன்றாக்குகிறது, தொடங்கும் புள்ளியை அல்ல. இரண்டு பெட்டிகளும் தனித்தனி யூ.எஸ்.பி.யில் இருந்தால், கேபிளால் இணைத்த பிறகும் மாறாத இடைவெளி இருக்கும். லேப்டாப்பை அணைத்துப் போட்டாலோ பெட்டியைக் கழற்றிச் செருகினாலோ அது வேறொரு எண்ணாகவும் மாறலாம். போன கச்சேரியில் 100 சாம்பிள் நகர்த்தினேன், இதற்கும் அதுவே என்று இருக்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும், இடைவேளையில் பதிவை நிறுத்தித் தொடங்கினால் அதற்குப் பிறகும், புதிதாக ஒரு கைதட்டல் வேண்டும். மங்களம் முடிந்து ரசிகர்கள் எழுந்த பிறகு, பதிவை நிறுத்துவதற்கு முன், கடைசியாக ஒன்று. இரண்டு இடைவெளிக்கும் நடுவில் ஒரு சாம்பிளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கேபிளையும் Locked விளக்கையும் மறுபடி பாருங்கள்.